விண்ணப்பம் போட்டு மூன்று வாரம்: ஒரு வரி பதிலாவது வேண்டாமா?

மல்லாங்கிணறு பேரூராட்சியிலும் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களிலும் ஒரு பெண் உள்ளூரிலேயே மாதச் சம்பளத்துக்குச் சேரக்கூடிய வேலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அங்கன்வாடி, சத்துணவுக்கூடம், ரேஷன் கடை, கிராம உதவியாளர் என்று அந்தக் கணக்கு சீக்கிரம் முடிந்துவிடும். மற்றபடி மானாவாரிக் காட்டு வேலை, நூறு நாள் வேலை, விடியுமுன் வேன் ஏறிப் போகும் மில் வேலை. அதனால்தான் அரசு அறிவிப்பு வந்துவிட்டால் ஜெராக்ஸ் கடையில் கூட்டம் நிற்கிறது. விண்ணப்பத்தைக் கொடுத்த பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரிவதில்லை.

2025 ஏப்ரலில் தமிழகம் முழுவதும் 7,783 அங்கன்வாடிப் பணியிடங்களை நிரப்ப அறிவிப்பு வந்தது. விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஏப்ரல் 23. அப்படி ஒரு பணிக்கு விண்ணப்பித்த பெண்ணை மனத்தில் வைத்துக்கொண்டே இந்தப் பிரச்னையைப் பார்க்கலாம். அவர் ஏப்ரல் 10ஆம் தேதி விண்ணப்பம் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். மே 1ஆம் தேதி மூன்று வாரம் முடிந்துவிடுகிறது. அவருக்கு அது நீண்ட காத்திருப்பு. அலுவலகத்துக்கோ கடைசித் தேதி முடிந்து எட்டு நாள்தான் ஆகியிருக்கிறது. விண்ணப்பங்களை மையவாரியாகப் பிரித்து, வயது, படிப்பு, குடியிருப்பு, இனச்சுழற்சி எல்லாம் சரிபார்க்கும் வேலை கடைசித் தேதிக்குப் பிறகுதான் தொடங்கும். ஆகவே அரசு வேலையைப் பொறுத்தவரை மூன்று வாரத்தைக் கடைசித் தேதியிலிருந்து எண்ண வேண்டும். இந்தக் கணக்குப்படி விசாரிக்கப் போக வேண்டிய நாள் மே 14. அதற்கு முன்பு போனால் "இன்னும் பிரிக்கவே இல்லைம்மா" என்ற பதில்தான் கிடைக்கும். அது பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும். தனியார் மில்லிலோ கடையிலோ இப்படி இல்லை. அங்கே கடைசித் தேதி என்று ஒன்றைச் சொல்லியிருக்காவிட்டால், விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளலாம்.

போய் என்ன கேட்பது? "என் வேலை என்னாச்சு?" என்று கேட்டால் முன்னால் இருக்கும் எழுத்தரிடம் அதற்குப் பதில் இல்லை. தேர்வு செய்வது அவர் இல்லை. "மேல இருந்து வந்தா தெரியும்மா" என்று அனுப்பிவிடுவார். அவர் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லக்கூடியவை மூன்று: விண்ணப்பம் பதிவாகியிருக்கிறதா, சான்று ஏதாவது குறைகிறதா, நேர்காணல் விவரம் எப்படித் தெரிவிக்கப்படும். இந்த மூன்றை மட்டும் கேட்டால் அவருக்கும் சங்கடம் இல்லை, கேட்பவர் அவசரப்படுகிறார் என்ற பேச்சும் வராது. அலுவலகத்துக்கு வந்த தபாலுக்கு ந.க. எண் போட்டிருந்தால் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த முறை பெயரைச் சொல்லித் தேடச் சொல்வதைவிட எண்ணைச் சொல்வது எவ்வளவோ எளிது.

நேரில் போவதற்குப் பதில் கடிதம் எழுதலாம் என்பேன். 2025–26இல் தமிழகத்தில் நூறு நாள் வேலையின் ஒரு நாள் கூலி 336 ரூபாய். மகளிருக்குப் பேருந்து இலவசமாக இருந்தாலும், அலுவலகத்துக்கு ஒரு நடை போனால் அந்த நாள் கூலி போய்விடும். அலுவலர் கூட்டத்துக்குப் போயிருந்தால் இன்னொரு நாளும் போகும். ஆனால் நம் ஊரில் எழுதும் கடிதங்களில் ஒரு குறை இருக்கிறது. குடும்பக் கஷ்டம் ஒன்றரைப் பக்கம் இருக்கும். எந்தப் பணியிடம், எந்த மையம், எந்தத் தேதி என்பது இருக்காது. கஷ்டம் உண்மைதான். ஆனால் கடிதத்தைப் பிரிப்பவர் கோப்பைத் தேட அது உதவாது. இப்படி எழுதினால் போதும்:

"தங்கள் அலுவலகத்தில் 10.4.2025 அன்று, எங்கள் ஊர் அங்கன்வாடி மையத்தின் உதவியாளர் பணியிடத்துக்கு விண்ணப்பம் அளித்துள்ளேன். அதன் முதல் பக்க நகலை இணைத்துள்ளேன். விண்ணப்பம் பதிவாகியுள்ளதா, சான்றுகள் ஏதேனும் தர வேண்டியுள்ளதா, நேர்காணல் விவரம் எவ்வாறு அறிவிக்கப்படும் என்பதைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அழைத்தால் அசல் சான்றுகளுடன் வரத் தயாராக உள்ளேன்."

கீழே பெயர், முழு முகவரி, கைபேசி எண். "இதுவரை பதில் இல்லை", "பலமுறை அலைந்தும்" போன்ற சொற்கள் முதல் கடிதத்தில் வேண்டாம். தேதியைப் படித்தாலே அலுவலருக்குக் கணக்குப் புரிந்துவிடும். பழைய பதிவுத் தபால் 2025இல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. இப்போது விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். நேரில் கொடுப்பதென்றால் இரண்டு பிரதி எடுத்துப்போய், ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிவிட வேண்டும். விண்ணப்பம் கொடுக்கும் நாளிலேயே இதைச் செய்யாதவர்கள்தான் பின்னால் அதிகம் அலைகிறார்கள்.

இதற்கும் பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதி, 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்ப வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர் சான்று இணைத்தால் கட்டணம் இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். இந்தச் சட்டம் கோப்பில் இருப்பதைத்தான் தரும். "எனக்கு ஏன் வேலை தரவில்லை" என்று கேட்டால் பயன் இருக்காது. "என் விண்ணப்பம் பெறப்பட்ட தேதி, அதற்கு இடப்பட்ட எண், பரிசீலனைக் குறிப்பின் நகல்" என்று கேட்க வேண்டும்.

இவ்வளவையும் விண்ணப்பதாரரே செய்ய வேண்டியிருப்பதுதான் என் ஆதங்கம். அலுவலகம் பேசாமல் இருக்கும் ஒவ்வொரு வாரமும் இடைத்தரகருக்குச் சாதகமான வாரம். "உங்க பேரு லிஸ்ட்ல இருக்கு, கொஞ்சம் செலவாகும்" என்று ஒருவன் வந்து சொன்னால், உண்மை நிலவரம் தெரியாத குடும்பம் காதுத் தோட்டை அடகு வைக்கத் துணிந்துவிடுகிறது. நோட்டீஸ் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தால் அவன் வாயே திறக்க முடியாது.

இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். பொதுமக்களின் குறை மனுக்களுக்கு மூன்று நாளில் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்வு காண வேண்டும் என்று 21.9.2015 அன்றே பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை அரசாணை எண் 99 பிறப்பித்திருக்கிறது. அது குறை மனுக்களுக்கானது; வேலை விண்ணப்பத்தை அது கட்டுப்படுத்தாது என்று சொல்லிவிட முடியும். அந்த முறையை வட்டார அளவில் நடக்கும் ஆள்சேர்ப்புக்கும் நீட்டித்தாலே போதும்.

விருதுநகர் மாவட்டம் 2018 முதல் மத்திய அரசின் முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலில் இருக்கிறது. எனவே மாவட்ட நிர்வாகம் இந்த மாற்றத்தை இங்கேயே தொடங்க வேண்டும். விண்ணப்பம் வாங்கும்போதே எண்ணும் முத்திரையும் இட்ட ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். கடைசித் தேதியிலிருந்து மூன்று வாரத்துக்குள் மையவாரியாக எத்தனை விண்ணப்பம் வந்தது, எந்தெந்த எண்கள் என்ன காரணத்தால் நிராகரிக்கப்பட்டன என்ற பட்டியலை வட்டார அலுவலகத்திலும் பேரூராட்சி, ஊராட்சி அலுவலகங்களிலும் ஒட்ட வேண்டும். தாமதமானால் தாமதம் என்றே எழுதி ஒட்டட்டும். அடுத்த ஆள்சேர்ப்பு அறிவிப்பு வெளியாகும் முன்பே மாவட்ட ஆட்சியர் இதற்கான உத்தரவைப் பிறப்பிக்க வேண்டும். மல்லாங்கிணறு வட்டாரத்துப் பெண்கள் இந்தக் கோரிக்கையைத் திங்கள்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் எழுத்துமூலம் கொடுத்து, மறக்காமல் அதற்கும் ஒப்புகை வாங்கிக்கொள்ள வேண்டுகிறேன்.