நீங்கள் சொல்லாத வாக்கியத்தை அவையினர் சொல்லிக்கொள்வார்கள்

கருத்தரங்குப் பருவம் தொடங்கிவிட்டது. ஆய்வாளர் பலரும் இந்நேரம் பவர்பாயிண்டைத் திறந்து, முதல் ஸ்லைடில் தலைப்பையும் இரண்டாவதில் பொருளடக்கத்தையும் இட்டு நிரப்பிக்கொண்டிருப்பார்கள். அவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: அந்தப் பத்து நிமிடத்தில் நீங்கள் சொல்லப்போகும் ஒரே வாக்கியம் எது? அதை எழுதிவிட்டீர்களா? எழுதவில்லையென்றால் கணினியை மூடிவிடுங்கள். ஸ்லைடு செய்யும் உரிமை இன்னும் உங்களுக்கு வரவில்லை.

இது கடுமையாகத் தோன்றலாம். நான் முதலில் கடிந்துகொள்வது என்னையே.

நான் ஸ்ரீராம்புரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பேச்சைப் பதிவுசெய்து ஆராய்கிறேன். மல்லேஸ்வரத்தை ஒட்டிய இப்பகுதியில், தலைமுறைகளாகத் தமிழ் பேசுவோர் கன்னடத்தோடு அன்றாடம் புழங்கி வருகிறார்கள். சென்ற ஆண்டு ஒரு கருத்தரங்கில் எனக்குப் பத்து நிமிடம் தந்தார்கள். 'ஸ்ரீராம்புரத் தமிழில் கன்னடத்தின் தாக்கம்: ஓர் ஆய்வு' என்று தலைப்பிட்டு 24 ஸ்லைடுகள் செய்தேன். தலைப்புக்கும் பொருளடக்கத்துக்கும் ஒவ்வொன்று, பகுதியின் வரலாற்றுக்கு மூன்று, முன்னாய்வுகளுக்கு நான்கு, ஆய்வு முறைக்கு மூன்று, ஒலிக்கு மூன்று, சொல்லுக்கு நான்கு, இலக்கணத்துக்கு மூன்று, முடிவுக்கும் நன்றிக்கும் ஒவ்வொன்று. ஆய்வேட்டின் இயல்வரிசையை அப்படியே படியெடுத்திருந்தேன். ஒரு ஸ்லைடுக்குக் கிடைப்பது 25 நொடி என்று வகுத்துப் பார்க்கும் அறிவுகூட அன்று எனக்கு இருக்கவில்லை.

பதினேழாவது ஸ்லைடில் மணி அடித்தது. திரையில் அப்போது இருந்தவை கடன்சொற்கள்: கீரையைச் 'சொப்பு' என்பதும் வேலையைக் 'கெலசம்' என்பதும். இலக்கணத்துக்குரிய மூன்று ஸ்லைடுகளையும் விரைந்து தள்ளிவிட்டு நன்றி சொல்லி அமர்ந்தேன். அமர்வின் தலைவர் கனிவாகவே என் உரையைத் தொகுத்தார்: "ஆக, பெங்களூருத் தமிழ் கன்னடத்தால் எவ்வளவு சிதைந்திருக்கிறது என்பதை இந்த ஆய்வாளர் நமக்குக் காட்டினார்."

என் தரவு காட்டியது அதற்கு நேர் எதிரானது. தேநீர் இடைவேளையில் ஒரு முதுகலை மாணவி வந்து, "அக்கா, கடைசியில் அங்கே தமிழ் மாறிவிட்டதா, மாறவில்லையா?" என்று கேட்டபோதுதான் நடந்தது எனக்கு உறைத்தது. தலைவர் தவறாகக் கேட்கவில்லை. நான் ஒரு வாக்கியத்தைத் தரவில்லை. ஆகவே தம்மிடம் முன்பே இருந்த ஒன்றை அவர் எடுத்துவைத்தார். எல்லையோரத் தமிழ் 'கெட்டுப்போன தமிழ்' என்னும் எண்ணம் நம் கல்விப்புலத்தில் எளிதில் கைக்கெட்டும் இடத்தில்தான் கிடக்கிறது.

என் வாதம் இதுதான்: மையச் செய்தியைத் தேர்ந்தெடுக்காத உரை செய்தியற்ற உரையாக நின்றுவிடுவதில்லை. அதன் செய்தியை அவையினர் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்கள் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் அவர்கள் ஏற்கெனவே நம்பியிருந்ததாகவே இருக்கும். எனக்குத் தம் வீட்டுத் திண்ணையில் இடம் தந்து மணிக்கணக்கில் பேசிய ஒரு பாட்டியின் தமிழை, அவர் இல்லாத அவையில், என் சோம்பலே 'சிதைவு' ஆக்கியது.

அப்படியானால் வாக்கியத்தை எப்படிக் கண்டடைவது? மொழியியல் படித்தவளாகையால் இலக்கணத்திலிருந்தே தொடங்குகிறேன். நம் தலைப்புகளைப் பாருங்கள்: 'தாக்கம்', 'பன்முகப் பார்வை', 'ஓர் ஆய்வு'. எல்லாம் பெயரில் முடிகின்றன. எதற்கும் பயனிலை இல்லை. பயனிலை இல்லாததால் எதையும் கூறவில்லை. எதையும் கூறாததால் யாரும் மறுக்க முடியாது. முதல் சோதனை, எழுதியது முழு வாக்கியமா என்பது. இரண்டாவது, விவரமறிந்த ஒருவர் அதை மறுக்கக்கூடுமா என்பது.

என் தலைப்பு முதல் சோதனையிலேயே விழுந்தது. 'ஸ்ரீராம்புரத் தமிழில் கன்னடச் சொற்கள் கலந்துள்ளன' என்று மாற்றினேன். இது வாக்கியந்தான், ஆனால் யார் மறுப்பார்? இரண்டாவது சோதனையில் விழுந்தது. பதிவுகளுக்குத் திரும்பிச் சென்று, என்னையே வியக்கவைத்தது எது என்று தேடினேன். தமிழில் கேட்பவரை உட்படுத்தும் 'நாம்' வேறு, விலக்கும் 'நாங்கள்' வேறு. இன்றைய கன்னடத்தில் இவ்விரண்டுக்கும் 'நாவு' என்னும் ஒரே சொல்தான். கன்னடத்திலேயே பள்ளிக்கல்வி பெறும் ஒரு சிறுமி என்னிடம் சொன்னாள்: "நாங்க சொப்பு வாங்கப் போறோம்." உடனே தம்பியின் பக்கம் திரும்பி, "வாடா, நாம போலாம்" என்றாள். சொல் கன்னடம்; ஆனால் நான் உடன்வரவில்லை, தம்பி வருகிறான் என்னும் கணக்கு தமிழ். மூன்றாம் முறை எழுதினேன்: 'நான் பதிவுசெய்த ஸ்ரீராம்புரக் குடும்பங்களில் கன்னடச் சொற்கள் தாராளமாக நுழைந்திருக்கின்றன, ஆயினும் கன்னடத்தில் இல்லாத நாம்–நாங்கள் வேறுபாடு இளையோர் பேச்சிலும் குலையவில்லை.'

இதை மறுக்கலாம். 'உங்கள் குடும்பங்கள் போதா' எனலாம். 'அடுத்த தலைமுறையில் குலையும்' எனலாம். மறுப்பதற்கு இடமிருப்பதால்தான் கேட்பதற்கும் இடமிருக்கிறது. 'நான் பதிவுசெய்த' என்னும் அடைமொழியையும் கவனியுங்கள். ஆய்வின் வரம்பு வாக்கியத்துக்குள்ளேயே நிற்க வேண்டும். அதைக் கடைசி ஸ்லைடில் ஒளித்துவைக்கக் கூடாது.

வாக்கியம் கிடைத்தபின் ஒவ்வொரு ஸ்லைடிடமும் ஒரே கேள்வி: இதை நீக்கினால் வாக்கியம் விழுமா? பகுதியின் வரலாறு போயிற்று. ஒலி பற்றிய மூன்றும் போயின. அவற்றைச் சேகரிக்க எனக்கு நான்கு மாதம் ஆனது என்பது அவையினரின் கவலையன்று. இருபத்து நான்கில் எஞ்சியவை நான்கு. முதலாவதில் அந்த வாக்கியம். இரண்டாவதில் அச்சிறுமியின் இரு கூற்றுகளும் அவற்றின் கன்னட இணைகளும். இதற்கு மட்டும் நான்கு நிமிடம். மூன்றாவதில் யாரை, எங்கே, எப்படிப் பதிவுசெய்தேன் என்பது. நான்காவது, குப்வாரோடு ஓர் ஒப்பீடு. மொத்தம் ஒன்பது நிமிடம்.

குப்வாரைத் தற்செயலாகக் கொண்டுவரவில்லை. மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில், கர்நாடக எல்லையருகே உள்ள சிற்றூர் அது. ஜான் கம்பெர்சும் ராபர்ட் வில்சனும் அவ்வூர் பற்றி எழுதிய கட்டுரை 1971இல் வெளிவந்தது. அங்கே மராத்தியும் உருதும் கன்னடமும் நெடுங்காலம் ஒன்றாகப் புழங்கியதில், சொற்கள் தனித்தனியாக நிற்க, தொடரமைப்புகள் மிக நெருங்கி ஒன்றாகிவிட்டன என்பது அவர்கள் கூற்று. கீரை கொஞ்சம் அறுத்து எடுத்து வந்தேன் என்னும் பொருளுடைய ஒரு தொடரை மூன்று மொழியிலும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினார்கள். சொல்லுக்குச் சொல், விகுதிக்கு விகுதி பொருந்தி நின்றது. அது கட்டுரைதான், உரையன்று. ஆயினும் மொழித்தொடர்பு படித்தவர்களின் நினைவில் அரை நூற்றாண்டாகத் தங்கியிருப்பது அந்த அடுக்குத்தான். கூற்று கூர்மையாக இருந்ததால்தான் பின்வந்தவர்கள் அதே ஊருக்குத் திரும்பிச்சென்று அதைச் சோதிக்கவும் முடிந்தது. குப்வாரில் சொல் நின்று அமைப்பு நெகிழ்ந்தது. என் தரவில் சொல் நெகிழ்ந்து ஒரு வேறுபாடு நின்றது. இந்த எதிர்நிலை 24 ஸ்லைடுகளில் எங்குமே இருக்கவில்லை. வாக்கியத்தை எழுதிய பிறகே என் கண்ணுக்குப் புலப்பட்டது.

மறுப்புகளை அறிவேன். 'ஐந்தாண்டு உழைப்பை ஒரு வாக்கியத்தில் அடக்குவது மலினப்படுத்தல்' என்பார்கள். உழைப்பு ஆய்வேட்டில் இருக்கிறது. அதைப் படிக்கத் தூண்டுவதே உரையின் வேலை. நீக்கிய இருபதையும் நன்றி ஸ்லைடுக்குப் பின்னே வையுங்கள். யாரேனும் கேட்டால் காட்டலாம். 'நெறியாளர் எல்லா இயல்களையும் காட்டச் சொல்கிறார்' என்பார்கள். ஆய்வு முன்னேற்றக் குழுவின் முன் அது முறைதான். ஆனால் அங்கும் ஒரு வாக்கியம் வேண்டும்: 'மூன்றாம் இயலுக்கான தரவு போதவில்லை, இன்னும் ஆறு மாதம் தேவை' என்பதுபோல. 'எனக்கு இன்னும் முடிவே கிட்டவில்லை' என்போர் உண்டு. எது தெரியவில்லை, எந்தத் தரவு கிடைத்தால் தெரியும் என்பதே அவர்களுக்குரிய வாக்கியம்.

இவற்றுள் வலிமையான மறுப்பு வேறொன்று: 'ஸ்லைடு செய்யும்போதுதான் எனக்குச் சிந்தனை பிறக்கிறது.' செய்துகொண்டே சிந்திப்பது உண்மை, நானும் அப்படித்தான். ஆனால் அந்த மென்பொருள் நம்முன் நீட்டும் பெட்டியைப் பாருங்கள். மேலே சிறு தலைப்பு, கீழே புள்ளியிட்ட வரிகள். அத்தலைப்புப் பெட்டி நம்மிடம் ஒரு பெயர்ச்சொல்லைத்தான் கேட்கிறது. நாமும் 'ஆய்வு முறை' என்று எழுதி, சிந்தித்துவிட்டதாக நம்பிக்கொள்கிறோம். சிந்திக்கத் துண்டுத்தாள் போதும். ஒரு துண்டில் ஒரு வாக்கியம், பயனிலையோடு. பத்துத் துண்டுகள் எழுதி, ஒன்பதைக் கீழே வையுங்கள்.

அந்த ஒன்பதைக் கீழே வைப்பதுதான் கடினம். எதைச் சொல்லாமல் விடுவது என்று முடிவுசெய்ய அஞ்சித்தான் எல்லாவற்றையும் திரையில் ஏற்றுகிறோம். அந்த அச்சத்துக்கு 'முழுமை' என்று பெயரும் சூட்டிக்கொள்கிறோம். அதன் விலையை நாம் கொடுப்பதில்லை. என் உரைக்கான விலையைக் கொடுத்தவர் திண்ணையில் அமர்ந்திருந்த அந்தப் பாட்டி. அடுத்த மாதம் அதே தரவோடு இன்னோர் அவைக்குச் செல்கிறேன். இம்முறை தலைவர் எதைத் தொகுக்க வேண்டும் என்பதை என் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுவேன். அதன்பின் அவர் மறுக்கட்டும். மறுப்பது என் கூற்றையாக இருக்கட்டும்.

— ஸ்ரீராம்புரம், பெங்களூரு