தாமதத்தை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது?

சென்னையிலிருந்து காளிகாட்டில் உள்ள என் அறைக்கு வரவேண்டிய பொதி ஒன்று 2025 ஜனவரி 30ஆம் தேதி வந்து சேர்ந்தது. உள்ளே இருந்தவை என் அசல் சான்றிதழ்கள். அவற்றைக் காட்டவேண்டிய உதவித்தொகை நேர்காணல் 28ஆம் தேதியே முடிந்துவிட்டது. கூரியர் கட்டணமான 186 ரூபாயைத் திருப்பிக் கேட்டேன். "தங்கள் பொதி உரிய நாளில் சேர்ப்பிக்கப்பட்டது" என்று ஒரே வரியில் பதில் வந்தது. சான்றாக ஒரு திரைப்பிடிப்பு: மேலே Expected by 30 Jan, கீழே Delivered 30 Jan. நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். பெயர் மாறினாலும் இந்த இலக்கணம் மாறுவதில்லை.

என்னிடம் மூன்று திரைப்பிடிப்புகள் இருக்கின்றன. 24ஆம் தேதி எடுத்ததில் Expected by 25 Jan என்று இருக்கிறது. 25ஆம் தேதி இரவு அதே இடத்தில் 28 வந்தது. 28ஆம் தேதி இரவு அது 30 ஆனது. பழைய தேதி அடிக்கப்படவில்லை, திருத்தக் குறிப்பும் இல்லை. அது அங்கே இருந்ததே இல்லை என்பதுபோல் மறைந்துவிட்டது. இப்படித் தேதியே பொதியின் பின்னால் நடந்துவந்தால் உலகில் எந்தப் பொதியும் தாமதமாகாது.

Expected என்பது செயப்பாட்டு வடிவம். எதிர்பார்ப்பவர் யார் என்று சொல்லவேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. அதனால் வாக்குறுதி வானிலை முன்னறிவிப்பாகிவிடுகிறது. வாக்களித்தல் ஒரு செய்தியன்று, ஒரு செயல் என்பதை ஆஸ்டினைப் படித்த நமக்கு விளக்கத் தேவையில்லை. செய்துமுடித்த செயலை, செய்தவரே தனியாகத் திரையில் மாற்றி எழுதிவிட முடியாது.

ஆகவே கணக்கைத் திரையிலிருந்து அல்ல, ரசீதிலிருந்து தொடங்கவேண்டும். ரசீதின் பின்புறம் சொல்வது இது: பதிவு நாளுக்குப் பின் 5 வேலைநாள், ஞாயிறும் சேருமிடத்து அரசு விடுமுறையும் நீங்கலாக, மாலை 4 மணிக்குப் பின் தந்தால் அடுத்த வேலைநாளே பதிவு நாள், 2 வேலைநாளுக்கு மேல் தாமதமானால் கட்டணம் முழுதும் திருப்பித் தரப்படும்.

பொதியைத் தந்தது ஜனவரி 17, வெள்ளி, மாலை 6.40. எனவே பதிவு நாள் 18. ஞாயிறு கழிந்து 20, 21, 22 என மூன்று நாள்கள். 23 நேதாஜி பிறந்தநாள். சென்னையில் வேலைநாள், வங்கத்தில் விடுமுறை. சேருமிடம் கல்கத்தா என்பதால் அதையும் விட்டுக்கொடுக்கிறேன். 24, 25 சேர்த்தால் ஐந்து. வாக்களித்த நாள் 25. முதல் திரைப்பிடிப்பும் அதையே சொல்கிறது. 26 ஞாயிறு, குடியரசு நாளும்கூட. பிறகு 27, 28, 29, 30: தாமதம் நான்கு வேலைநாள். நாட்காட்டிப்படி ஐந்து என்று நான் வாதிடவில்லை. அவர்கள் விதிப்படியே நான்கு.

இதைச் சுட்டியதும் இரண்டாம் பதில் வந்தது. 28ஆம் தேதி இரவு 7.52க்கு Delivery attempted என்ற பதிவு உள்ளதாம், கதவு பூட்டியிருந்ததாம், முயற்சி நடந்ததும் கடிகாரம் நின்றுவிடுமாம். 27, 28 என இரண்டே நாள் தாமதம். இரண்டுக்கு "மேல்" இல்லை. எவ்வளவு கச்சிதம்!

ஆனால் அதே காலவரிசையில் அடுத்த பதிவைப் படியுங்கள்: பொதி டான்குனி கிடங்கிலிருந்து எங்கள் பகுதி நிலையத்தில் பெறப்பட்டது 29ஆம் தேதி காலை 9.10க்கு. நிலையத்துக்கே வராத பொதி முந்தைய இரவு என் கதவைத் தட்டியது எப்படி? 28க்கு Out for delivery பதிவும் இல்லை, எனக்கு அழைப்பும் இல்லை. அன்றிரவு நான் வீட்டில் இருந்தேன் என்பதை நிறுவுவது கடினம். பதிவுகளின் வரிசையே போதும்.

நேர்காணல் இழப்புக்கு ஏன் கேட்கவில்லை என்று நண்பர்கள் கேட்டார்கள். பாரதி நிட்டிங் கம்பெனி எதிர் டிஎச்எல் வழக்கைப் பார்க்கச் சொன்னேன். ஜெர்மனிக்கு அனுப்பிய ஆவணங்கள் உரிய நேரத்தில் சேராததால் ஏற்பட்ட இழப்புக்கு மாநில ஆணையம் 4 லட்சத்து 29 ஆயிரம் ரூபாய்க்கு மேல் வழங்கியது. கையொப்பமிட்ட சீட்டில் 100 டாலர்தான் பொறுப்பு என்று இருந்ததால், 1996இல் உச்ச நீதிமன்றம் அந்த வரம்பையே உறுதிசெய்தது. கடுமையான தீர்ப்புதான். என் ரசீதிலும் கட்டணத்துக்கு மேல் பொறுப்பில்லை என்ற வரி உண்டு. அது என்னைக் கட்டுகிறது என்றால், அதே தாளில் உள்ள ஐந்து நாள் அவர்களைக் கட்டாதா?

ரசீதின் இரு பக்கங்களையும் மூன்று திரைப்பிடிப்புகளையும் இறுதிக் காலவரிசையையும் இணைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதியிருக்கிறேன். முறையிடச் சட்டம் தரும் காலம் இரண்டு ஆண்டுகள். அந்தக் காலவரிசைப் பக்கமோ இரண்டு மாதங்களிலேயே திறக்காமல் போய்விட்டது.