இனி விரலை எண்ணிப் பயனில்லை

வட்ஸ்அப்பில் சந்தேகமான படம் ஒன்று வந்தால் உடனே யாராவது "விரலை எண்ணிப் பாருங்கோ" எண்டு எழுதுவினம். 2022இல் அது நல்ல புத்திமதிதான். இப்போது அதை நம்பியிருப்பது ஆபத்து எண்டு நான் நினைக்கிறன்.

விரல் ஏன் பிழைத்தது? 2022 ஓகஸ்டில் வந்த ஸ்டேபிள் டிஃபியூஷனை எடுங்கோ. அது 512க்கு 512 புள்ளிகள் கொண்ட படத்தை நேரடியாக வரைவதில்லை. முதலில் 64க்கு 64 கட்டங்கள் உள்ள ஒரு சுருக்கத்தில் வரைந்து, பிறகு விரிக்கும். ஒரு கட்டத்துக்குள் அடங்குவது எட்டுக்கு எட்டுப் புள்ளிகள். நிறங்களையும் சேர்த்தால் 192 எண்கள் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் 4 எண்கள். முழு ஆள் நிற்கிற படத்தில் ஒரு விரலின் அகலம் நாலைந்து புள்ளிதான் வரும், அதாவது ஏறக்குறைய அரைக் கட்டம். அதுக்குள்ள விரல் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது எண்டு எப்படி எழுதி வைப்பது? தூரத்து முகங்களும் பெயர்ப்பலகை எழுத்துகளும் குழம்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம், மாதிரி கற்ற படங்களில் கை எப்போதும் முழுதாகத் தெரிவதில்லை. கோப்பையைப் பிடித்திருக்கும், சட்டைப்பைக்குள் இருக்கும், மூன்று விரல்தான் வெளியே தெரியும். படத்தோடு வந்த குறிப்பிலும் "ஐந்து விரல்" எண்டு யாரும் எழுதுவதில்லைத்தானே. ஆகவே விரலுக்குப் பக்கத்தில் விரல் வரும் என்பதை அது பிடித்துக்கொண்டது, எங்கே நிறுத்துவது என்பதை அல்ல.

பிறகு வந்த மாதிரிகள் படத்தைப் பெரிதாக்கின. 2023இல் எஸ்டிஎக்ஸ்எல் 1024 புள்ளிக்குப் போனது, அதே விரலுக்கு இரட்டிப்பு இடம் கிடைத்தது. 2024இல் வந்த ஃப்ளக்ஸில் ஒரு கட்டத்துக்கு 4 அல்ல, 16 எண்கள். அதனால் தனியாக நிற்கிறவரின் கை இப்போது பெரும்பாலும் சரியாகவே வருகிறது. கோர்த்த கைகளிலும் பின்னால் நிற்கிற கூட்டத்திலும்தான் இன்னும் தடுமாற்றம்.

ஆனால் கை பிழையாக இருந்த காலத்திலேயே அது எங்களைக் காப்பாற்றியதா? 2023 மார்ச்சில் பாப்பரசர் பிரான்சிஸ் வெள்ளைப் பஞ்சு ஜாக்கெட் போட்ட படம் உலகம் முழுக்கச் சுற்றியது. மிட்ஜேர்னியில் செய்தது. அவர் கையில் இருந்த கோப்பையை விரல்கள் ஒழுங்காகப் பிடிக்கவில்லை, சிலுவைச் சங்கிலி ஒரு பக்கம்தான் இருந்தது. எத்தனையோ பேர் நம்பினார்கள். ஜாக்கெட்டைப் பார்த்துச் சிரிக்கிறவர் கையை ஏன் பார்க்கப்போகிறார்?

அந்தப் படம் முன்பே ரெடிட்டில், மிட்ஜேர்னி பாவிப்பவர்களின் பக்கத்திலேயே போடப்பட்டிருந்தது. எங்கிருந்து வந்தது எண்டு தேடிப் போனவர்களுக்கு விரல் எண்ண வேண்டிய தேவையே வரவில்லை.