ஏஜென்ட்கிட்ட கொடுத்த பணம், கம்பெனிக்குக் கொடுத்த பணமா?

"நம்ம அங்கிள்தான் ஏஜென்ட். பிரீமியத்தை அவர்கிட்ட கொடுத்துட்டா அவரே கட்டிடுவாரு." நம்மில் பல பேர் வீட்டில் இன்ஷூரன்ஸ் இப்படித்தான் ஓடுது. அங்கிள் நல்லவரா கெட்டவரா என்பது இங்க கேள்வியே இல்லை. பணம் வாங்க அவருக்கு அதிகாரம் கொடுத்தது யார்? அதுதான் கேள்வி.

இதுக்கு ஒரு வழக்கைப் பார்ப்போம். ஒருத்தர் எல்ஐசியில் தலா 25,000 ரூபாய்க்கு நாலு பாலிசி வச்சிருந்தார். 1987 மார்ச்சில் கட்டவேண்டிய அரையாண்டு பிரீமியம் தவறிப்போச்சு. ஜூன் மாசம் ஏஜென்ட் வந்து பேரர் செக் வாங்கிட்டுப் போனார். ஆனா பணத்தை எல்ஐசியில் உடனே கட்டலை. ஆகஸ்ட் 9-ம் தேதி பாலிசிதாரர் விபத்தில் இறந்தார். மறுநாள், 10-ம் தேதிதான் பணம் கட்டப்பட்டது.

வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. 1997-ல் தீர்ப்பு எல்ஐசிக்குச் சாதகமா வந்தது. காரணம், எல்ஐசியின் விதிகள்படி அந்த ஏஜென்ட்டுக்கு பிரீமியம் வசூலிக்க அதிகாரமே கிடையாது. பாலிசி பிடிச்சுக் கொடுப்பதுதான் அவர் வேலை. அதனால் அவர் கையில் கொடுத்த பணம், எல்ஐசி கைக்குப் போன பணம் ஆகலை.

"எங்களுக்கு அந்த விதியெல்லாம் எப்படித் தெரியும்?" நியாயமான கேள்விதான். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-லேயே இதுக்குப் பதில் இருக்கு. ஏஜென்ட்டின் அதிகாரம் ரெண்டு வகை. கம்பெனி எழுத்திலோ பேச்சிலோ கொடுத்ததும், அந்த வேலையோட இயல்பாகவே சேர்ந்து வருவதும் உண்மையான அதிகாரம். அப்படி எதுவும் கொடுக்காமலேயே, 'இவருக்கு அதிகாரம் இருக்கு' என்று நாம நம்பும்படி கம்பெனி சொன்னாலோ நடந்துகிட்டாலோ, அது தோற்ற அதிகாரம். 237-வது பிரிவுப்படி அப்பவும் கம்பெனிதான் பொறுப்பு. நமக்கு நல்ல பாதுகாப்புதான். ஆனா அந்த நம்பிக்கையைக் கம்பெனி உண்டாக்கியிருக்கணும். 'எனக்குப் பவர் இருக்கு' என்று ஏஜென்ட் தானே சொல்லிக்கிட்டா அது செல்லாது. அந்த வழக்கில் கம்பெனி அப்படி நம்ப வச்சதுக்கு ஆதாரம் இல்லை.

இப்ப இதுக்கு நேரெதிரா வந்த தீர்ப்பு. நம்ம மாதிரி சம்பளக்காரர்களுக்கு இதுதான் முக்கியம். டெல்லி மின்வாரிய ஊழியர் ஒருத்தர் சேலரி சேவிங்ஸ் ஸ்கீமில் எல்ஐசி பாலிசி எடுத்தார். பிரீமியத்தை மாசாமாசம் சம்பளத்தில் பிடிச்சு எல்ஐசிக்கு அனுப்பறது ஆபீஸோட பொறுப்பு. ஆபீஸ் அனுப்பத் தவறினது. அவர் இறந்த பிறகு மனைவி க்ளெய்ம் கேட்டாங்க. 'பிரீமியம் வரலை, பாலிசி காலாவதி' என்றது எல்ஐசி. அவங்க ஏற்பாட்டுக் கடிதத்தில் 'ஆபீஸ் எல்ஐசியின் ஏஜென்ட் இல்லை, ஊழியரின் ஏஜென்ட்தான்' என்றும் எழுதியிருந்தது.

1999-ல் சுப்ரீம் கோர்ட் இதை ஏத்துக்கலை. அந்த நிபந்தனை எல்ஐசிக்கும் ஆபீஸுக்கும் நடுவில் இருந்ததே தவிர, ஊழியருக்குத் தெரியப்படுத்தப்படலை. ஆபீஸ் மூலமா வசூலிக்கும் ஸ்கீமை உருவாக்கினதே எல்ஐசி. அதனால் அவர் பார்வையில் ஆபீஸ் எல்ஐசிக்காகத்தான் வசூலிச்சது. க்ளெய்முக்கு எல்ஐசியே பொறுப்பு.

ரெண்டு வழக்கிலும் பணத்தை நடுவில் இருந்தவர்தான் நேரத்துக்குக் கட்டலை. முடிவு மாறினது, நம்பிக்கையை யார் உண்டாக்கினாங்க என்பதால்தான். முதல் தீர்ப்பு அந்தக் குடும்பத்துக்கு ரொம்பக் கொடுமை. ஆனாலும் அந்த விதி சரின்னுதான் எனக்குத் தோணுது. ஏஜென்ட் தன் வாயாலேயே தனக்கு அதிகாரம் கொடுத்துக்க முடியும்னா, அதை யார் வேணும்னாலும் சொல்லிட்டுப் பணம் வாங்கலாமே! அதே சமயம், ரகசியமா ஒரு நிபந்தனை எழுதி வச்சுட்டு கம்பெனி தப்பிக்கவும் கூடாது. ரெண்டாவது தீர்ப்பு அந்தக் கதவை மூடுது.

அதனால, யார்கிட்ட பணம் கொடுத்தாலும் ஒரு கேள்வி கேளுங்க: 'இவர்கிட்ட கொடுக்கலாம்னு கம்பெனி எனக்கு எங்க சொல்லியிருக்கு?' பாலிசி பத்திரத்திலோ கம்பெனி ஆப்பிலோ பதில் இருந்தா சரி. ஏஜென்ட்டோட விசிட்டிங் கார்டில் மட்டும்தான் இருக்குன்னா, அது பதிலே இல்லை. செக் எழுதினா கம்பெனி பெயரில், அக்கவுண்ட் பேயீ கோடு போட்டு எழுதுங்க. அந்த 1987 செக் அப்படி இருந்திருந்தா, அதை ஏஜென்ட் பணமா மாத்தியிருக்கவே முடியாது.

சம்பளத்தில் பிரீமியம் பிடிக்கிறாங்களா? பே ஸ்லிப்பைப் பத்திரமா வைங்க. பிடிச்சாங்க என்பதுக்கு அதுதான் ஆதாரம். ஆனா போய்ச் சேர்ந்ததா என்பதை அது காட்டாது. அதைக் கம்பெனியோட போர்ட்டலில் நீங்களே பாருங்க. கோர்ட்டில் ஜெயிக்கலாம்தான். ஆனா அந்த வழக்கை நடத்தப்போறது நீங்க இல்லை, உங்க வீட்டில் இருப்பவங்க.