கடைக்காரர் என்னை 'நீ' எனலாமா?

வியாபார நிறுவனங்கள் வாடிக்கையாளரை எழுத்தில் 'நீ' என்று அழைக்கக் கூடாது. வயது இருபதானாலும் எழுபதானாலும் 'நீங்கள்'தான். இதுதான் என் கட்சி. "பெரிசுக்கு மரியாதை வேணுமாம்" என்று பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள், தெரியும். மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. 'நீ' போட்டால்தான் நெருக்கம் வரும் என்ற எண்ணமே தப்பு என்கிறேன்.

போன மாதம் என் கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. அனுப்பிய செயலியின் பெயர் வேண்டாம்.

"ஹாய் ராமசாமி! உன் கரன்ட் பில் ரெடி. 15ஆம் தேதிக்குள் கட்டு, 20 ரூபாய் அள்ளு. உங்கள் சலுகையைத் தவறவிடாதே!"

முதலில், ராமசாமி என் பெயரல்ல, அப்பாவின் பெயர். படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். நம் ஊரில் குடும்பப் பெயர் ஏது? இரண்டாவது கட்டத்தில் அப்பா பெயரை எழுதுகிறோம். கணினி அதை எடுத்து, மறைந்து முப்பது வருஷமான மனிதரை "ஹாய்" என்று கூப்பிடுகிறது. பெயருக்கு முன்னால் 'திரு' போட்டால் பெண்களுக்குப் பொருந்தாது. பின்னால் 'அவர்களே' போட்டால் மேடைப்பேச்சு ஆகிவிடும். வெறுமனே "வணக்கம்" என்று தொடங்கினால் எந்த வம்பும் இல்லை.

அடுத்து அந்த மூன்று வாக்கியங்களைப் பாருங்கள். 'உன்' என்று தொடங்கி, 'உங்கள்' என்று ஏறி, 'தவறவிடாதே' என்று இறங்குகிறது. ஒரே ஆள் பேசினால் இப்படி வராது. ஆங்கிலத்தில் எழுதிய வாக்கியங்களைத் தனித்தனியாகப் பிரித்து மொழிபெயர்க்கக் கொடுத்தால்தான் வரும். ஆங்கிலத்தில் ஒருமைக்கும் பன்மைக்கும், சிறுவனுக்கும் தாத்தாவுக்கும் ஒரே சொல். யாரிடம் பேசுகிறோம் என்று சொல்லாமல் கொடுத்தால், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒவ்வொரு ஊகம்.

இந்தியிலிருந்து வரும் விளம்பரத்தில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே தூ, தும், ஆப் என்று மூன்று படி. நடுவிலிருக்கும் 'தும்' சகஜமான பேச்சு. பல விளம்பரங்களுக்கு அது சரியாகவே இருக்கும். நம் எழுத்துத் தமிழில் இன்று புழங்குவது இரண்டே படி. 'நீர்' சில வட்டாரங்களில் மட்டும் இருக்கிறது. 'தாங்கள்' அழைப்பிதழோடு நின்றுவிட்டது. ஆகவே நடுப்படியில் நிற்பவரை மேலே ஏற்றுவதா, கீழே இறக்குவதா என்ற கேள்வி வருகிறது. மொழிபெயர்ப்பாளர் இறக்கி விடுகிறார். தமிழ் வழக்கம் ஏற்றுவதுதான். துணிக்கடைக்குள் நுழையும் கல்லூரி மாணவியிடம் வயதான விற்பனையாளர்கூட "வாங்கம்மா, என்ன பாக்கறீங்க?" என்றுதான் கேட்கிறார். கோவைப் பக்கம் போனால் பள்ளிக்கூடப் பிள்ளையையே "வாங்க கண்ணு" என்பார்கள்.

அந்த "வாங்க"வில்தான் விஷயம் இருக்கிறது. தமிழில் இரண்டு தனித்தனி அளவுகோல்கள் உண்டு. ஒன்று மரியாதை: கட்டு, கட்டுங்கள். இன்னொன்று எழுத்துநடைக்கும் பேச்சுநடைக்கும் உள்ள தூரம்: கட்டுங்கள், கட்டுங்க. விளம்பரம் எழுதுகிறவர் "கட்டுங்கள்" விறைப்பாக இருக்கிறதென்று நினைத்து "கட்டு" என்று மாற்றுகிறார். அவர் தளர்த்த வேண்டியது நடையை; தளர்த்தியது மரியாதையை. "கட்டுங்க" என்று எழுதியிருந்தால் விறைப்பும் போயிருக்கும், மரியாதையும் நின்றிருக்கும்.

அந்தச் செய்தியையே திருத்திப் பார்ப்போம்:

"வணக்கம். உங்கள் கரன்ட் பில் வந்திருக்கிறது. 15ஆம் தேதிக்குள் கட்டுங்கள், 20 ரூபாய் மிச்சப்படுத்தலாம்."

கடைசியில் வரும் 'லாம்' ரொம்ப உபகாரமான விகுதி. அதில் நீ, நீங்கள் என்ற பேதமே கிடையாது. 'வேண்டும்' என்பதும் அப்படித்தான். விளம்பரப் பலகையில் இடமில்லை, 'உங்கள்' எல்லாம் போட முடியாது என்பவர்களுக்கு இது நல்ல வழி. "தவறவிடாதே" என்பதை "தவறவிடாதீர்கள்" என்று நீட்டக்கூட வேண்டாம். "15ஆம் தேதி வரை மட்டும்" என்றாலே போதும்.

இளைஞர்களுக்குத்தான் அனுப்புகிறோம் என்றால்: "உங்க கரன்ட் பில் வந்திருக்கு. 15ஆம் தேதிக்குள்ள கட்டுங்க, 20 ரூபாய் மிச்சம்." இதை நான் படித்தாலும் முகம் சுளிக்க மாட்டேன். செய்தி யார் கைக்குப் போகும் என்று அனுப்புகிறவருக்குத் தெரியாதே! பேரன் எண்ணில் தாத்தா இருப்பார், தாத்தா எண்ணில் பேத்தி இருப்பாள்.

பேச்சுநடைக்கும் எல்லை உண்டு. "வந்துடுச்சு" என்பார் ஒருவர், "வந்திருச்சு" என்பார் இன்னொருவர். ஒரு ஊர்ப் பேச்சை அப்படியே எழுதினால் மற்ற ஊர்க்காரர் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருக்கும். 'ங்க' போன்ற எல்லா ஊருக்கும் பொதுவான விகுதிகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கடன் தவணை தவறியது, காப்பீட்டுப் பணம் கோருவது போன்ற செய்திகளில் அதுவும் வேண்டாம். கணவரை இழந்த பெண்ணுக்கு "ஃபார்ம் அனுப்புங்க" என்று வந்தால் அது நெருக்கமாகப் படாது, அலட்சியமாகவே படும்.

எல்லா ஒருமையும் அவமரியாதையல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். கைபேசித் திரையில் 'தேடு', 'சேமி' என்று பொத்தான்கள் இருக்கின்றன. என்னை ஏன் 'தேடு' என்று ஏவுகிறது என்று என் நண்பர் ஒருவர் கோபப்பட்டார். அங்கே ஏவுவது நாம், தேடப்போவது கருவி. கருவியிடம் "தேடுங்கள்" என்று கெஞ்ச வேண்டியதில்லை. ஆனால் 'கையெழுத்திடு' என்று ஒரு பொத்தான் இருந்தால்? கையெழுத்துப் போடப்போவது நான். அங்கே 'கையெழுத்திடுங்கள்' அல்லது 'கையெழுத்திடவும்' என்றுதான் இருக்க வேண்டும். வேலையைச் செய்யப்போவது யார் என்று கேட்டால் விடை கிடைத்துவிடும். சந்தேகமென்றால் 'தேடல்', 'கையொப்பம்' என்று பெயர்ச்சொல்லாக வைத்துவிடலாம்.

"காய்கறிக்காரம்மா உங்களை 'வாப்பா' என்கிறாரே, அதற்குக் கோபப்படுவீர்களா?" என்று கேட்கலாம். மாட்டேன். அந்த அம்மாவுக்கு என்னைப் பல வருஷமாகத் தெரியும். முகம் பார்த்து, குரலில் வாஞ்சையோடு சொல்கிறார். நானும் பதிலுக்கு "என்னம்மா, வெண்டைக்காய் முத்தலா இருக்கே" என்பேன். அந்த ஒருமை இரண்டு பக்கமும் பழகிச் சம்பாதித்தது. அச்செழுத்துக்கு முகமும் கிடையாது, குரலும் கிடையாது.

நிறுவனத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு ஒரு யோசனை. அனுப்பப்போகும் எல்லா வாக்கியங்களின் கடைசிச் சொற்களையும் 'உன்', 'உங்கள்' வரும் இடங்களையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். கட்டுங்கள், பாருங்கள், அள்ளு என்று வந்தால் அந்த 'அள்ளு' காதில் குத்தும். தமிழ் வாக்கியத்தில் மரியாதை பெரும்பாலும் வாக்கியத்தின் வாலில் இருக்கிறது. தலையைச் சரிபார்த்து அனுப்புகிறவர்களுக்கு அது கண்ணில் படாது.