‘லஹா’ என்னும் கடைசிச் சொல்

பயன் தராத கல்வி, அஞ்சாத உள்ளம், நிறைவுறாத மனம், ஏற்கப்படாத துஆ ஆகிய நான்கிலிருந்தும் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடும் துஆவை நம் இல்லங்களில் பலரும் அறிவர். ஜைது இப்னு அர்கம் (ரலி) அவர்கள் அறிவிக்க, ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள துஆ அது. அதன் கடைசிச் சொல் ‘லஹா’. ‘அதற்கு’ என்பது அதன் பொருள். ஆயினும் தமிழில் பொருள் சொல்லும்போது இந்தச் சொல்லுக்கு இடம் கிடைப்பதில்லை. ‘ஏற்கப்படாத துஆ’ என்று சொல்லி முடித்துவிடுகிறோம். பிள்ளைகள் கேட்டால், ஓசை நயத்திற்காக வந்தது என்று விடை கூறுவாரும் உளர். அவ்விடை போதாது என்பதே நம் கருத்து. அந்தச் சொல் இல்லையேல் வாக்கியம் தன் பெயர்ச்சொல்லைவிட்டுப் பிரிந்துவிடும்.

இந்தச் சிக்கலின் வேர் நம் தாய்மொழியில் இருக்கிறது. ‘வணிகர் வாங்கிய முத்து’ என்று தமிழில் சொல்கிறோம். வாங்கப்பட்டது முத்துதான் என்பதைக் காட்ட ‘அதை’ என்ற சொல் தேவைப்படுவதில்லை. ‘அண்ணன் பயணம் செய்த கப்பல்’ என்கிறோம். கப்பலில் பயணம் செய்தார் என்பதுதான் பொருள். ஆனால் அந்த ‘இல்’ உருபு எங்கும் வெளிப்படவில்லை. ‘சாவி தொலைந்த பெட்டி’ என்றால் பெட்டியின் சாவி என்று நாமே விளங்கிக் கொள்கிறோம். பெயரெச்சம் தன்னை அடுத்து நிற்கும் பெயரைத் தானே பற்றிக்கொள்கிறது. இந்தப் பழக்கத்தோடு அரபு எழுதும் மாணவர், அரபிலும் அவ்விடத்தை வெறுமையாக விட்டுவிடுகிறார்.

அரபில் வருணிக்கும் வாக்கியம் பெயருக்குப் பின்னால் வருகிறது. அது இரு வகையில் வரும். பெயர் மஃரிஃபாவாக, அதாவது குறித்தறியப்பட்டதாக இருந்தால், இடையில் ‘அல்லதீ’ அல்லது ‘அல்லத்தீ’ போன்ற இணைப்புச் சொல் நிற்கும். ‘அல்-லுஃலுஅது அல்லத்தீ பாஅஹா அல்-கவ்வாஸு’ என்றால், ‘முத்துக்குளிப்பவர் விற்ற அந்த முத்து’ என்பது பொருள். இதில் ‘பாஅ’ என்றால் விற்றார். அதனோடு ஒட்டிய ‘ஹா’ என்றால் அதை. இங்கே அந்த ‘ஹா’வை விட்டு, ‘அல்லத்தீ பாஅ அல்-கவ்வாஸு’ என்று சொன்னாலும் அரபு மொழி ஏற்கும். ஏனெனில் பின்வருவது முத்தைப் பற்றிய செய்தி என்பதை ‘அல்லத்தீ’ முன்னதாகவே அறிவித்துவிட்டது. அதன் பெண்பால் வடிவமே முத்தைச் சுட்டுகிறது.

பெயர் நகிராவாக, அதாவது ‘ஏதோ ஒன்று’ என்ற பொதுநிலையில் இருந்தால், ‘அல்லத்தீ’ வராது. ‘இஷ்தரைது லுஃலுஅதன் பாஅஹா கவ்வாஸுன்’ என்பதைப் பாருங்கள். ‘ஒரு முத்துக்குளிப்பவர் விற்ற முத்து ஒன்றை வாங்கினேன்’ என்பது இதன் பொருள். இதிலிருந்து ‘ஹா’வை நீக்கிப் பாருங்கள். ‘இஷ்தரைது லுஃலுஅதன்’ என்பது ‘ஒரு முத்தை வாங்கினேன்’. ‘பாஅ கவ்வாஸுன்’ என்பது ‘ஒரு முத்துக்குளிப்பவர் விற்றார்’. எதை விற்றார்? முத்தையா, சங்கையா, தம் தோணியையா? வாக்கியம் சொல்லவில்லை. தொடர்பற்ற இரண்டு செய்திகள் அருகருகே கிடக்கின்றன. அவற்றை ஒன்றாகக் கட்டும் கயிறு அந்த ஒற்றை ‘ஹா’ மட்டுமே. ஆகவேதான் நஹ்வு அறிஞர்கள் அதனை ‘ராபித்’, கட்டுவது, என்றும், ‘ஆயித்’, திரும்பிச் செல்வது, என்றும் அழைத்தனர். நகிராவை வருணிக்கும் வாக்கியத்திற்கும், முப்ததாவுக்கு கபராக வரும் வாக்கியத்தைப் போலவே, இந்தக் கட்டு வேண்டும் என்று இப்னு மாலிக் தம் அல்ஃபிய்யாவில் விதிக்கிறார்.

திரும்பிச் செல்லும் ழமீர் தன் பெயரின் பாலையும் எண்ணையும் ஒத்திருக்க வேண்டும். முத்துக்கு ‘ஹா’ என்றால், ஆண்பாலான ‘காரிப்’ என்னும் சிறு படகுக்கு ‘ஹு’ வரும். கப்பல் ஒன்றில் அண்ணன் பயணம் செய்தார் என்றால், ‘ஸஃபீனதுன் ஸாஃபர ஃபீஹா அகீ’ என்று ‘ஃபீஹா’வை வைத்தே சொல்ல வேண்டும். தமிழ் விழுங்கிவிட்ட ‘இல்’ உருபு இங்கே வெளியில் நிற்கிறது. ஆனால் ‘கவ்வாஸுன் யஃரிஃபுல் பஹ்ர’, அதாவது ‘கடலை அறிந்த ஒரு முத்துக்குளிப்பவர்’ என்ற தொடரில் தனி ழமீர் எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. அங்கே அறிபவர் அவரே. ஆதலால் ‘யஃரிஃபு’ என்ற வினைக்குள்ளேயே ‘அவர்’ மறைந்திருக்கிறார். கட்டு இல்லாமல் இல்லை, வினைக்குள் இருக்கிறது.

இப்போது துஆவுக்கு வருவோம். அதில் கல்வி, உள்ளம், மனம், துஆ ஆகிய நான்கு சொற்களும் நகிராக்கள். கல்விக்குரிய ‘யன்ஃபஉ’ என்ற வினையும் உள்ளத்திற்குரிய ‘யக்ஷஉ’ என்ற வினையும் ‘யா’வில் தொடங்குகின்றன, ‘இல்ம்’, ‘கல்ப்’ இரண்டும் ஆண்பால். மனத்திற்குரிய ‘தஷ்பஉ’ மட்டும் ‘தா’வில் தொடங்குகிறது, ‘நஃப்ஸ்’ பெண்பால். ஆக, முதல் மூன்றிலும் திரும்பிச் செல்லும் ழமீர் வினைக்குள் மறைந்திருக்கிறது. நான்காவதான ‘தஃவத்’ பெண்பாற்சொல். ஆனால் அதன் வினையான ‘யுஸ்தஜாபு’ மீண்டும் ‘யா’வில் தொடங்குகிறது. எனவே அந்த வினைக்குள் தஃவத்துக்குத் திரும்பும் ழமீர் இல்லை என்பது தெளிவு. ‘பதிலளிக்கப்படுவதில்லை’ என்பதோடு வாக்கியம் நின்றுவிட்டால், எதற்குப் பதில் என்பது அறுந்துபோகும். ‘லஹா’, ‘அதற்கு’, வந்து அதனைத் துஆவோடு கட்டுகிறது. ஓசையும் அதில் அமைந்திருக்கலாம்; ஆனால் அதன் பணி கட்டுவதே.

இதற்கு விலக்கும் உண்டு. பகரா அத்தியாயத்தின் 281ஆம் வசனத்திலும் 48ஆம் வசனத்திலும் ஒரு நாளை அஞ்சிக்கொள்ளுமாறு கட்டளை வருகிறது. முன்னதில் ‘அதில்’ என்னும் ‘ஃபீஹி’ வெளிப்படையாக இருக்கிறது, பின்னதில் இல்லை. அல்ஃபிய்யாவுக்கு விரிவுரை எழுதிய இப்னு அகீல் இந்த 48ஆம் வசனத்தையே எடுத்துக்காட்டி, ‘ஃபீஹி’ மறைந்து நிற்கிறது என்று விளக்குகிறார். பொருள் ஐயமின்றி விளங்கும்போது ழமீர் மறையலாம். ஆனால் மறைந்ததை அவர் தம் விரிவுரையில் மீண்டும் எடுத்து வைத்துக் காட்டுகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். அது தேவையில்லை என்று அவர் சொல்லவில்லை. ஆகவே இந்த விலக்கைக் காட்டி மாணவர் ‘ஹா’வை விடுவதற்கு இடமளிக்கலாகாது.

எனவே மதரஸாக்களிலும் இல்லங்களிலும் பொருள் சொல்வதை இரண்டு படிகளாகச் செய்ய வேண்டும் என்பது நம் கருத்து. முதலில் சொல்லுக்குச் சொல்: ‘ஒரு துஆவிலிருந்தும், பதிலளிக்கப்படாது அதற்கு’. பிறகு நல்ல தமிழில்: ‘ஏற்கப்படாத துஆவிலிருந்தும்’. முதற்படி தமிழ்க் காதுக்குக் கரடுமுரடாக ஒலிக்கும் என்று சிலர் அதனைக் கைவிடுகின்றனர். அந்தக் கரடுமுரடில்தான் ஆயித் கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டாம் படியை மட்டும் கற்ற பிள்ளை அரபில் எழுத முற்படும்போது ‘பாஅ கவ்வாஸுன்’ என்றே எழுதும். இரண்டையும் கற்ற பிள்ளை நகிராவைக் கண்டவுடன், பின்வரும் வாக்கியத்தில் அதற்குத் திரும்பும் சொல் எங்கே என்று தேடும், வினைக்குள்ளே பார்க்கும், அங்கே இல்லையெனில் வினையை ஒட்டியோ அதற்குப் பின்னரோ பார்க்கும். அப்படித் தேடும் பிள்ளைக்கு ‘லஹா’ ஏன் வந்தது என்று எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.