எல்லாப் பக்க வேலையும் துரோகமல்ல

2022 ஆகஸ்டில் விப்ரோ தலைவர் ரிஷாத் பிரேம்ஜி, ஒரு நிறுவனத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டே வெளியே இன்னொரு வேலை பார்ப்பதை ஏமாற்று வேலை என்றார். அடுத்த மாதமே, போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்த 300 பேரை நீக்கிவிட்டதாக அறிவித்தார். அதே பருவத்தில் இன்ஃபோசிஸ் முதலில் கடுமையாக எச்சரித்தது. பிறகு, முன் அனுமதி பெற்றுச் சில நிபந்தனைகளுடன் வெளிவேலை செய்யலாம் என்றது. மூன்லைட்டிங் என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு செயல்களைப் போட்டு அடைப்பதால்தான் இந்தக் குழப்பம்.

சென்னையில் வங்கிகளுக்கு மென்பொருள் எழுதும் நிறுவனம் ஒன்றில் வேலை செய்யும் இளைஞரை எடுத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை, தன் சொந்த மடிக்கணினியில், மாமாவின் ஜவுளிக்கடைக்கு ஒரு பில்லிங் மென்பொருள் எழுதித் தருகிறார். கையில் சிறு தொகை கிடைக்கிறது. அவருடைய பணி நியமனக் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது: நிறுவனத்தின் எழுத்துபூர்வமான முன் அனுமதி இல்லாமல், நேரடியாகவோ மறைமுகமாகவோ, ஊதியத்துக்கோ ஊதியமின்றியோ, வேறு எந்தத் தொழிலிலும் ஈடுபடக் கூடாது. அந்த வரியின்படி அவர் செய்தது ஒப்பந்த மீறலே. ஆனால் நிறுவனத்தின் நலனுக்கு அதனால் எந்தப் பாதிப்பும் இல்லை. அதே நிறுவனம் கடைகளுக்கான பில்லிங் மென்பொருளை விற்றிருந்தால் கதை வேறு. அப்போது அதே ஞாயிறு வேலை, முதலாளியின் வாடிக்கையாளரைப் பறித்த வேலையாகிவிடும்.

மீறல் வேறு, நலன் முரண் வேறு என்பதை 1946-இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த ஹைவாக் வழக்கு மறுபக்கத்திலிருந்து காட்டுகிறது. ஹைவாக், காது கேட்கும் கருவிகளுக்கான மிகச் சிறிய வால்வுகளைத் தயாரித்த நிறுவனம். அதன் தேர்ந்த தொழிலாளர்கள் சிலர், விடுமுறை நாளில் போட்டி நிறுவனத்துக்குப் போய் அதே வேலையைச் செய்தார்கள். வெளிவேலை கூடாது என்று அவர்களுடைய ஒப்பந்தத்தில் எழுதியிருக்கவில்லை. ரகசியம் எதையும் சொல்லிவிட்டதாகவும் நிரூபணம் இல்லை. ஆனாலும் நீதிமன்றம் தடை விதித்தது. தெரிந்தே, மறைவாக, முதலாளிக்குப் பெருங்கேடு தரும் வேலையைச் செய்வது விசுவாசக் கடமைக்கு எதிரானது என்றது. அதே தீர்ப்பு, ஓய்வு நேரத்தில் உழைத்துச் சம்பாதிக்கும் உரிமையைத் தேவையில்லாமல் முடக்கிவிடக் கூடாது என்றும் எச்சரித்தது.

ஆகவே, கடிதத்தில் தடை இல்லை என்பதால் எல்லாம் சரியாகிவிடாது. தடை இருக்கிறது என்பதால் எல்லாமே துரோகமாகிவிடாது.

இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. இதை நம்பி நியமனக் கடிதத்தை அலட்சியப்படுத்துவோர் ஏமாந்துபோவார்கள். பணியில் இருக்கும் காலத்துக்கான கட்டுப்பாடு பொதுவாக அந்தப் பிரிவில் அடிபடாது என்று 1967-இல் கோலிகாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் ஒப்பந்தம் அளவுமீறிக் கடுமையாகவோ ஒருதலைப்பட்சமாகவோ இருந்தால் அந்தப் பாதுகாப்பு அதற்குக் கிடையாது என்ற விதிவிலக்கையும் அதே தீர்ப்பு வைத்திருக்கிறது.

அதனால்தான், எல்லாவற்றையும் தடுக்கும் அந்த ஒற்றை வரி நியாயமற்றது என்கிறோம். மாலையில் டியூஷன் எடுப்பதையும், பத்திரிகையில் கதை எழுதுவதையும், போட்டி நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதித் தருவதையும் அது ஒரே தட்டில் வைக்கிறது. நிறுவனங்கள் தடுக்க வேண்டியவை மூன்றுதான்: போட்டியாளருக்கான வேலை, நிறுவனத்தின் நேரத்தையோ கருவிகளையோ ரகசியங்களையோ பயன்படுத்தும் வேலை, களைப்பால் முதல் வேலையைக் கெடுக்கும் வேலை. இவற்றைப் பெயர் சொல்லி எழுதட்டும். மற்றவற்றுக்குத் தகவல் தெரிவித்தால் போதும் என்று வைக்கட்டும். எந்த வேலையையாவது தடுத்தால் காரணத்தை எழுத்தில் தரட்டும்.

இது புதுமையான கோரிக்கை அல்ல. நமது தொழிலாளர் சட்டத்தின் மாதிரி நிலையாணைகள் நெடுங்காலமாக வைத்திருந்த அளவுகோலே, முதலாளியின் நலனைப் பாதிக்கக்கூடிய கூடுதல் வேலை கூடாது என்பதுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் கொண்டுவந்த உத்தரவு, வேலை நேரத்துக்கு வெளியே இன்னொருவரிடம் பணிபுரிவதை முதலாளி தடுக்கக் கூடாது என்கிறது. பாதுகாப்பு, தொழில் ரகசியம், நலன் முரண் போன்ற புறவயமான காரணங்களுக்கு மட்டும் விலக்கு தருகிறது. இந்த விதியை நம் சட்டமும் எல்லாப் பணியாளர்களுக்கும் வெளிப்படையாக எழுதிவைக்க வேண்டும்.

பணியாளர்களுக்கும் பொறுப்பு உண்டு. மறைத்துச் செய்யும் வேலை, தீங்கில்லாததாக இருந்தாலும் சந்தேகத்தைச் சம்பாதித்துக்கொள்கிறது. இரண்டு நிறுவனங்கள் ஒரே யுஏஎன் எண்ணில் பிஎஃப் கட்டும்போது விஷயம் வெளியே தெரிந்துவிடக்கூடும். என்ன வேலை, யாருக்கு, எந்த நேரத்தில், யாருடைய கணினியில் என்ற நான்கையும் எழுதி மின்னஞ்சல் அனுப்பிப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். பணிக்காலத்தில் உருவாக்கும் அனைத்தும் நிறுவனத்துக்கே சொந்தம் என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இருந்தால், மாமாவின் கடைக்கு எழுதிய மென்பொருளும் யாருடையது என்ற வழக்கு ஒருநாள் வரலாம்.

நிறுவனம் விலைக்கு வாங்கியிருப்பது ஊழியரின் வேலை நேரத்தையும் விசுவாசத்தையும்தான். அவருடைய ஞாயிற்றுக்கிழமை அதில் சேராது.